வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்றால்: வாங்கியவர் எடுக்க வேண்டிய படிகள்

ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை மெதுவாக, கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். வழக்கமாக நாம் இழுக்கும் பகுதி சுத்தமாக இருக்கும். சுருளுக்குள்ளேயே கிடக்கும் கடைசிப் பகுதியில் சாம்பல் நிறக் கறை ஒரு கோடாக ஓடியிருந்தால், அந்தக் கார் ஒருநாள் தண்ணீருக்குள் நின்றிருக்கிறது. விற்பவர்கள் இருக்கை உறையை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள், வாசனைத் திரவியம் தெளிப்பார்கள். சீட் பெல்ட்டின் அடிப்பகுதியை அநேகமாக யாரும் கழுவுவதில்லை.

என் தங்கையின் கணவர் இதைக் காரை வாங்கி இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தார். அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கர். 2025 பிப்ரவரியில் கோவையில் உள்ள ஒரு கார் கன்சல்டிங் நிறுவனத்திடம் 2019ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றை 5,40,000 ரூபாய்க்கு வாங்கினார். சென்னைப் பதிவு எண். விளம்பரத்தில் "ஒரே உரிமையாளர், விபத்து இல்லை, முழுக்க ஷோரூம் சர்வீஸ்" என்று போட்டிருந்தார்கள். மார்ச் கடைசியில் பக்கவாட்டுக் கண்ணாடி தானாக இறங்கியது. பிறகு ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிந்தது. ஏப்ரலில் ஒரு காலை வண்டி கிளம்பவே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து இருக்கைக்குக் கீழே விரிப்பைத் தூக்கியபோது உலர்ந்த வண்டல் பொடியாக உதிர்ந்தது; ஒயர் இணைப்புகளின் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. விற்றவருக்குப் போன் செய்தால், "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் சார்" என்று பதில் வந்தது.

நான் நுகர்வோர் வழக்குகளை நடத்துகிற வழக்கறிஞன். இப்படிப்பட்ட வழக்குகளில் வாங்கியவர் நிரூபிக்க வேண்டியவை இரண்டு. விற்ற நாளிலேயே அந்தக் குறை வண்டியில் இருந்தது என்பது முதலாவது. விற்றவருக்கு அது தெரிந்தே மறைத்தார் என்பது இரண்டாவது. கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்குச் சான்று சேர்ப்பதற்கே. வாங்கிய சில நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக் கொடுக்கும் உரிமை பழைய வண்டிக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. சில நிறுவனங்கள் தாங்களாக அப்படி ஓர் உறுதி தருகின்றன. தந்திருந்தால் அந்தத் தேதி கடப்பதற்குள் எழுத்தில் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

முதல் படி: வண்டியை நிறுத்துங்கள், பழுது பார்க்காதீர்கள்

மக்கள் அதிகம் தவறுவது இங்கேதான். வண்டி ஓடவில்லை என்ற பதற்றத்தில் ஒயரிங்கை மாற்றிவிடுகிறார்கள். பழைய ஒயரிங் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. அதோடு சான்றும் போய்விடுகிறது. பிறகு நுகர்வோர் ஆணையத்தில் நின்று "பச்சை பூத்திருந்தது ஐயா" என்று சொன்னால், "எங்கே?" என்று எதிர்த்தரப்பு கேட்கும்.

பிரித்த நிலையிலேயே ஒரு வீடியோ எடுங்கள். நம்பர் பிளேட்டில் தொடங்கி, சேசிஸ் எண்ணைக் காட்டி, கிலோமீட்டர் காட்டும் மீட்டரைக் காட்டி, நிறுத்தாமல் அப்படியே வண்டல் இருக்கும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோங்கள். இடையில் வெட்டினால், அது வேறு வண்டி என்று சொல்வதற்கு வழி கிடைத்துவிடும். கழற்றிய பாகம் எதுவாக இருந்தாலும் உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

வண்டி ஓடக்கூடிய நிலையில் இருந்தாலும் ஓட்டாதீர்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, பொருளை நியாயமான காலம் தாண்டியும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதுகிறது. அப்படி ஏற்றுக்கொண்ட பிறகு பொதுவாக நட்ட ஈடு மட்டுமே கேட்க முடியும்; பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் வாதம் பலவீனமாகிவிடும். குறை தெரிந்த பிறகு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு "எனக்கு இந்த வண்டி வேண்டாம்" என்றால் யாரும் எளிதில் நம்பமாட்டார்கள். குறை தெரிந்த நாளின் மீட்டர் அளவைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடனில் வாங்கியிருந்தால் மாதத் தவணையை நிறுத்தக் கூடாது. கடன் கொடுத்தவருக்கும் விற்றவரின் ஏமாற்றுக்கும் தொடர்பு கிடையாது. தவணை தவறினால் கடன் வரலாறு கெடும். வண்டியையே எடுத்துக்கொண்டு போய்விட்டால் வழக்கின் முக்கியச் சான்றும் கையை விட்டுப் போகும்.

இரண்டாவது படி: விற்றவர் சொன்ன சொற்களைப் பிடித்து வைப்பது

இணைய விளம்பரம் விற்பனை முடிந்த சில நாட்களில் மறைந்துவிடும். அது இன்னும் இருந்தால், இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறைந்துவிட்டிருந்தால், வாங்குவதற்கு முன் அதை மனைவிக்கோ நண்பருக்கோ அனுப்பியிருப்பீர்கள். அவர்களுடைய வாட்ஸ்அப்பில் தேடுங்கள். எங்கள் வழக்கில் விளம்பரம் கிடைத்தது அப்படித்தான். "இது எப்படி இருக்கு?" என்று கேட்டு என் தங்கைக்கு அவர் அனுப்பிய படம் அது.

விற்றவருடனான வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். நமக்குச் சாதகமான வரிகளை மட்டும் படம் பிடித்துக் கொடுத்தால், மீதியை ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்வி வரும். மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அந்தப் போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம்.

பணம் கொடுத்ததற்கான தடயம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பழைய கார் வியாபாரத்தில் ஒரு பகுதி ரொக்கமாகக் கைமாறுவதும், பில்லில் குறைந்த தொகை எழுதப்படுவதும் பரவலாக நடக்கிறது. மைத்துனர் 3,50,000 ரூபாய் கடனாகவும், 1,40,000 ரூபாய் வங்கி வழியாகவும், 50,000 ரூபாய் ரொக்கமாகவும் கொடுத்திருந்தார். ரொக்கத்துக்கு ரசீது இல்லை. "50 வந்துவிட்டது, நன்றி" என்று கடையிலிருந்து வந்த ஒரே ஒரு வரிச் செய்திதான் அந்த ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றியது.

மூன்றாவது படி: வண்டியின் பழைய கதையைத் தோண்டுவது

இது பொறுமையான வேலை. ஆனால் விற்றவருக்குத் தெரியும் என்பதை நிரூபிக்கும் சான்று பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். மூன்று இடங்களில் தேடுங்கள்.

முதலில், அந்தக் கார் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டி, சேசிஸ் எண்ணுக்குரிய சர்வீஸ் வரலாற்றை எழுத்தில் கேளுங்கள். எந்த ஊர் மையத்தில் வேலை நடந்திருந்தாலும் கம்பெனியின் கணினியில் பெரும்பாலும் தெரியும். எங்கள் காருக்கு 2023 டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையில் ஒரு ஜாப் கார்டு இருந்தது: வண்டி இழுவை வண்டியில் வந்தது, உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்ததற்கு அடுத்த வாரம் அது. அதற்குப் பிறகு ஒரு சர்வீஸ் பதிவுகூட இல்லை. "முழுக்க ஷோரூம் சர்வீஸ்" என்ற விளம்பர வரி அங்கேயே பொய்யானது.

இரண்டாவது, பழைய இன்சூரன்ஸ் பாலிசி. அதில் "நோ கிளெய்ம் போனஸ்" எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 20 சதவீதத்தில் தொடங்கி, தொடர்ந்து ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அது ஏறும். ஒரே உரிமையாளரிடம் ஐந்து வருடமாக இருக்கும் காரின் பாலிசியில் திடீரென்று பூஜ்யம் என்று இருந்தால், அதற்கு முந்தைய வருடம் கிளெய்ம் வாங்கப்பட்டிருக்கிறது, அல்லது பாலிசி நீண்ட நாள் விட்டுப்போயிருக்கிறது. இந்த ஒரு எண்ணை வாங்குவதற்கு முன்பே பார்த்திருக்கலாம். பாலிசி நகல் டிக்கியில்தான் கிடந்தது.

மூன்றாவது, முந்தைய உரிமையாளர். பலர் இவரை எதிரியாக நினைத்துக்கொண்டு பேசாமலேயே விட்டுவிடுகிறார்கள். வண்டியைக் கன்சல்டிங்குக்கு விற்றவருக்கு உங்களிடம் மறைக்க வேண்டிய காரணம் பெரும்பாலும் இருக்காது. மைத்துனர் மரியாதையாகப் பேசினார், குற்றம் சாட்டவில்லை, "வெள்ளத்தில் நின்ற வண்டி என்று கடையில் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார். "சொன்னேனே, அதனால்தான் விலையைக் குறைத்துக் கேட்டார்கள்" என்றார் அவர். அதையே ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அது கைக்கு வந்த நாளில்தான் எனக்கு இந்த வழக்கின் மேல் முழு நம்பிக்கை வந்தது.

நான்காவது படி: நிபுணர் அறிக்கை

தெருமுனை மெக்கானிக் நல்ல வேலைக்காரராக இருக்கலாம். அவர் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பது ஆணையத்தில் நிற்காது. ஆட்டோமொபைல் பொறியாளர் ஒருவரையோ உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரையோ வைத்து அறிக்கை வாங்குங்கள். ஆய்வு நடக்கும் நாளை விற்றவருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். அவர் வரமாட்டார். பிறகு "எனக்குத் தெரியாமல் எடுத்த அறிக்கை" என்று சொல்ல முடியாமல் போகும்.

அறிக்கை மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். குறை என்ன? அது உண்டாகி எவ்வளவு காலம் இருக்கும், அதாவது விற்பனைக்கு முந்தியதா? சாதாரணமாக வண்டி வாங்க வருபவர் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்தால் அது கண்ணில் படுமா? முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்லும் அறிக்கைகளைத்தான் நான் அடிக்கடி பார்க்கிறேன். மூன்றாவது கேள்வியின் அருமை, சட்டத்தைப் பார்த்தால் புரியும்.

நோயுள்ள குதிரையை ஒருவர் விற்பதை உவமையாக வைத்து 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மோசடியை விளக்குகிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் மட்டுமே மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, அதன் பிறகும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பது தனியாகவே மோசடி என்று அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. வண்டலின் மேல் புது விரிப்பு போடுவது முனைந்து மறைப்பது. "ஷோரூம் சர்வீஸ்" என்று பொய் எழுதுவது அதற்கும் ஒரு படி மேலே.

19ஆம் பிரிவில் விற்றவர் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. மௌனத்தாலோ தவறான தகவலாலோ ஏமாந்தவர், சாதாரண விழிப்போடு இருந்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவிலும் இதே சாயல் உண்டு: பார்த்து வாங்கிய பொருளில், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு உத்தரவாதம் இல்லை. டயர் தேய்ந்திருந்தது, பம்பரில் கீறல் இருந்தது என்று பிறகு வழக்குப் போட முடியாததற்குக் காரணம் இதுதான். "வண்டியைப் பார்த்துத் திருப்தியடைந்து உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்" என்று டெலிவரி நோட்டில் கையெழுத்து வாங்குவதும் இதற்காகத்தான். கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று சோர்ந்துவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு அந்த வரி செல்லும். முனைந்து மறைத்த மோசடியை அது மூடிவிடாது. இருக்கையைக் கழற்றினால்தான் தெரியும் குறையை, வாங்க வந்தவர் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. நிபுணர் அறிக்கையின் மூன்றாவது விடை இந்த இடத்தில்தான் கைகொடுக்கும்.

இனிமேல் வண்டி வாங்கப்போகும் ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், குதிரைக்காரரிடம் கேட்ட கேள்வியை முன்பணம் கொடுப்பதற்கு முன் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, பெரிய விபத்தில் சிக்கியதில்லை, கிலோமீட்டர் திருத்தப்படவில்லை என்று நம்பி வாங்குகிறேன். இதில் ஏதாவது தவறு என்றால் இப்போதே சொல்லுங்கள்." எந்தப் பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், உங்கள் கையில் ஓர் ஆதாரம் இருக்கும்.

ஐந்தாவது படி: யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும்

கன்சல்டிங், பழைய கார் ஷோரூம், இணையவழி நிறுவனம் என்று விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கியிருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். சொந்த உபயோகத்துக்கோ, சுயதொழிலாக நீங்களே பிழைப்புக்கு ஓட்டுவதற்கோ வாங்கியிருக்க வேண்டும். ஆள் வைத்து ஓட்டும் டிராவல்ஸ் வியாபாரத்துக்கு வாங்கிய வண்டிக்கு இந்த வழி கிடையாது.

"நாங்கள் வெறும் தரகர்தான், ஆர்.சி.யில் எங்கள் பெயரே இல்லையே" என்பது கன்சல்டிங்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பணம் யார் கணக்குக்குப் போனது, பில் யார் கொடுத்தார், விளம்பரம் யார் போட்டார் என்பவற்றை வைத்து இதை உடைக்கலாம். பழைய வண்டி விற்பனையாளர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், வண்டி தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அங்கீகாரம் பெற்றவர் அந்த வண்டியின் உரிமையாளராகவே கருதப்படுவார் என்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் வந்துவிட்டன. கடைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று விற்றவருக்கு அனுப்பும் நோட்டீஸிலேயே கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர், அலுவலக நண்பர், இணையத்தில் தன் சொந்த வண்டியை விற்ற தனியாள் என்றால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக எடுக்காது. அவர் வியாபாரி இல்லை. உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். குறை தெரிய வந்த நாளிலிருந்து மூன்று வருடம் காலக்கெடு. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். இடையில் கமிஷன் வாங்கிய தரகர் ஒருவர் இருந்து, அவரும் பொய் சொல்லியிருந்தால், அவருடைய சேவையில் குறைபாடு என்று அவர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு.

காவல் நிலையத்தைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். தெரிந்தே ஏமாற்றியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் குற்றம்தான். ஆனால் இது சிவில் விவகாரம் என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கும். வழக்குப் பதிவானாலும் அதனால் மட்டும் உங்கள் பணம் திரும்பாது. சேசிஸ் எண் மாற்றப்பட்டிருந்தால், ஆர்.சி. போலி என்றால், திருட்டு வண்டி என்றால் முதலில் காவல் நிலையத்துக்கே போங்கள். வெள்ளத்தை மறைத்த வழக்கில் நான் காவல் நிலையப் புகாரை இரண்டாம் பட்சமாகவே வைப்பேன்.

ஆறாவது படி: நோட்டீஸ்

வழக்கறிஞர் மூலமாகவும் அனுப்பலாம், நீங்களே எழுதியும் அனுப்பலாம். ஒப்புகையோடு விரைவுத் தபாலிலும், அதே நாளில் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். திட்டுவதற்கு அதில் இடமில்லை. நாங்கள் அனுப்பியதன் முக்கியப் பகுதி இவ்வளவுதான்:

"இந்த வாகனம் 2023 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது என்பது தங்களுக்குத் தெரிந்தும், 'விபத்து இல்லை, முழுக்க ஷோரூம் சர்வீஸ்' என்று விளம்பரம் செய்து எனக்கு விற்றீர்கள். இந்த உண்மை எனக்கு 12.04.2025 அன்று தெரிய வந்தது. அன்று முதல் வாகனத்தை நான் பயன்படுத்தவில்லை. விற்பனை ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். வாகனத்தைத் திருப்பித் தர ஆயத்தமாக இருக்கிறேன். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் 5,40,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும்."

"ரத்து செய்கிறேன்", "பயன்படுத்தவில்லை", "திருப்பித் தர ஆயத்தம்" என்ற மூன்றும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பணமும் வேண்டும், வண்டியும் என்னிடமே இருக்கட்டும் என்றால் ரத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பெரிய நிறுவனங்கள் சில நேரம் அதற்கே இறங்கி வரும். ஆனால் அங்கே புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வழக்கின் காலக்கெடு நின்றுவிடாது.

ஏழாவது படி: ஆணையத்தில் தாக்கல்

காலக்கெடு இரண்டு வருடம். குறை தெரிந்த நாளைத்தான் தொடக்கமாக வாதிடுவோம். என்றாலும் வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு அதற்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. கோவைக் கடைக்காரர் திருப்பூர் ஆணையத்துக்கு வர வேண்டியிருந்தது. பொருளுக்காகக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம் போதும். கட்டணமும் அந்த விலையைப் பொறுத்ததே: ஐந்து லட்சம் வரை இல்லை, ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். எங்கள் மனுவை இணையத்தில் e-jagriti.gov.in வழியாக 200 ரூபாயில் தாக்கல் செய்தோம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.

மனுவில் கோரிக்கையை இரண்டு அடுக்காக எழுதுங்கள். முதல் கோரிக்கை: விலை 5,40,000 ரூபாயை வட்டியோடு திருப்பித் தந்து, வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் மாற்றுக் கோரிக்கை: வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்திருந்தால் சந்தையில் என்ன விலை போகுமோ அதற்கும் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம். எங்கள் சர்வேயர் அந்த மதிப்பை 3,30,000 என்று எழுதினார்; வித்தியாசம் 2,10,000 ரூபாய். இவற்றோடு இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், இழுவை வண்டி, சர்வேயர் கட்டணம் ஆகியவற்றை ரசீது உள்ள அளவுக்கு மட்டும் கேளுங்கள். மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் என்று எழுதினால் மனுவின் நம்பகத்தன்மைதான் குறையும். நாங்கள் 50,000 கேட்டோம்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் எதிர்த்தரப்பு பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் முடியாது. பதில் வராமல் 45ஆம் நாள் கடந்தால் உடனே அதை ஆணையத்தின் கவனத்துக்குக் கொண்டுவாருங்கள். வண்டியைத் தகுதியான ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நம் அறிக்கையை எதிர்த்தரப்பு ஏற்காதபோது இதை நாமே கேட்டு வாங்கலாம். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

தீர்ப்பு சாதகமாக வந்தும் கடைக்காரர் கொடுக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71, 72ஆம் பிரிவுகளில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மீறியவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். அவர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்வதென்றால் 45 நாளுக்குள், உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும்.

சமரசம் வந்தால்

எங்கள் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. முந்தைய உரிமையாளரின் கடிதமும் ஜாப் கார்டும் தாக்கலான பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞரே சமரசம் பேசலாம் என்றார். ஆணையம் இரு தரப்பின் சம்மதத்தோடு சமரச மையத்துக்கு அனுப்பியது. முதலில் ஒன்றரை லட்சம் தருகிறோம், வண்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வித்தியாசமே 2,10,000 என்று அறிக்கை சொல்லும்போது அதற்கு ஒப்புக்கொள்ளக் காரணம் இல்லை. தண்ணீர் குடித்த ஒயரிங் எப்போது எதைக் கெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், வண்டியை வைத்துக்கொள்ளும் எந்த ஏற்பாட்டுக்கும் நான் எதிராகவே இருந்தேன். தாக்கல் செய்து எட்டாவது மாதம், ஓட்டிய இரண்டு மாதத்துக்காக 30,000 கழித்துக்கொண்டு 5,10,000 ரூபாய் திருப்பித் தருவதாக முடிவாயிற்று. வட்டியும் உளைச்சலுக்கான தொகையும் விட்டுக்கொடுக்கப்பட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டாவது குழந்தை பிறக்கவிருந்த நேரத்தில் மைத்துனருக்கு வழக்கு முடிவது முக்கியமாக இருந்தது.

சமரசத்தைக் கடையில் உட்கார்ந்து வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஆணையத்தில் பதிவு செய்து உத்தரவாக வாங்குங்கள். அப்போதுதான் மீறினால் நிறைவேற்று மனு போட முடியும். பணம் பிரியும் விதத்தையும் அதிலேயே எழுதுங்கள். எங்கள் கணக்கில் கடனை முடிக்கத் தேவையான 3,06,000 ரூபாய் நேராகக் கடன் நிறுவனத்துக்கும், மீதி 2,04,000 ரூபாய் மைத்துனரின் வங்கிக் கணக்குக்கும் போயின.

கடைசி வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். கடன் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கொடுத்து ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்க வேண்டும். பிறகு படிவம் 29, 30 மூலம் பெயரை மாற்ற வேண்டும். சாவியைக் கொடுத்தோம், பணம் வந்தது என்று இதை விட்டுவிட்டால், அந்த வண்டி நாளை யார் மேலாவது மோதும்போது இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். மைத்துனர் வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் அளவு மூன்றையும் எழுதி, கடையின் முத்திரையோடு ரசீது வாங்கினார். ஆர்.சி.யில் பெயர் மாறிவிட்டதை பரிவாஹன் தளத்தில் தன் கண்ணால் பார்த்த பிறகுதான், வழக்குக் கோப்பை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.